சலுகைக்கு ஒரு வரி

பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பெயர் ரசீது சார். கட்டணம் வாங்கும் கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் பதினெட்டு வருடம் உட்கார்ந்து ரசீது கிழித்துக் கொடுத்தவரைப் பிள்ளைகள் வேறு எப்படிக் கூப்பிடும்? பிள்ளைகளைப் பார்த்துப் பெற்றோரும், பெற்றோரைப் பார்த்து ஆசிரியர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். கடைசியில் சம்பளப் பட்டியலைத் தவிர அவருடைய சொந்தப் பெயர் வேறெங்கும் புழங்கவில்லை. இப்போது அந்தப் பட்டியலிலும் இல்லை.

அவரிடம் ஒரு கைத்திறமை இருந்தது. கட்டணச் சலுகை கேட்டுப் பள்ளி முதல்வருக்கு எழுதும் கடிதத்தை அவரைப்போல் எழுத ஆள் கிடையாது. ஆலை மூடி வேலை போனவர், கடை நொடித்துப் போனவர் என்று சன்னலுக்கு வெளியே கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் தகப்பன்மார்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, அவரே எழுதிக் கொடுப்பார். "இங்க வேணா அழுதுக்குங்க. கடுதாசியில அழாதீங்க, மேடத்துக்குப் பிடிக்காது" என்பார். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. வேலை போனதற்கு முதலாளி கொடுத்த கடிதத்தின் நகலை இணைக்க வேண்டும். கட்ட முடியாது என்று ஒருபோதும் எழுதக்கூடாது. இவ்வளவு கட்டுகிறேன், மிச்சத்தில் தயவு காட்டுங்கள் என்றுதான் எழுத வேண்டும். கற்பிப்புக் கட்டணத்தில்தான் சலுகை கேட்கலாம். தேர்வுக் கட்டணத்திலும் பேருந்துக் கட்டணத்திலும் கை வைத்தால் கடிதம் முழுசாகத் தள்ளுபடி. முக்கியமாக, வகுப்பாசிரியர் வழியாக வர வேண்டும். நேராக முதல்வர் மேசைக்குப் போகும் கடிதம் 'வகுப்பாசிரியர் குறிப்புக்கு' என்று கீழே இறங்கி, மறுபடி படியேறுவதற்குள் கெடு முடிந்துவிடும்.

இப்படி அவர் எழுதிக் கொடுத்த கடிதங்களை அவரே ஒரு பச்சை அட்டைக் கோப்பில் கட்டி, அலமாரியில் பூட்டி வைப்பார். நிர்வாகக் குழு கூடும் நாளில் கோப்பு முதல்வர் அறைக்குப் போகும், திரும்பி வரும். அதைத் தவிர அந்தக் கோப்பு வேறெங்கும் போனதில்லை. யார் வீட்டுக் கஷ்டம் யாருக்கும் தெரியக்கூடாது என்பதில் அவர் ரொம்பக் கறார். அந்தக் கோப்பின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை சிலருக்குச் சாமி மேல்கூட இருக்காது.

ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்த கை, இப்போது தன் வீட்டுச் சமையலறை மேசையில் தனக்காக எழுத உட்கார்ந்திருந்தது.

நடந்தது இதுதான். கட்டணம் கட்டுவதை நிர்வாகம் கைப்பேசிச் செயலிக்கு மாற்றியது. துப்புரவு வேலையை ஒரு ஒப்பந்த நிறுவனத்திடம் கொடுத்தது. செயலி வந்தால் சன்னல் எதற்கு, ஒப்பந்தக்காரன் வந்தால் ஆயா எதற்கு? ரசீது சார், சின்ன வகுப்புகளின் ஆயாம்மா, ஆய்வகத்தில் குடுவை கழுவும் உதவியாளர், நூலக உதவியாளர், இரண்டாவது பேருந்தின் ஓட்டுநர் என்று, செலவைக் குறைக்கும் அதே சாக்கில் ஐந்து பேருக்கு வேலை போனது.

போன விதம்தான் கொடுமை. முதல்வர் அவரைத் தன் அறைக்கு அழைத்து, மின்விசிறிக்கு நேரே உட்காரவைத்து, தண்ணீரும் கொடுத்தார். "சார், நாங்க நீக்கினதா இருந்தா உங்களுக்குத்தான் அசிங்கம். நீங்களே விலகுறதா எழுதிக் குடுத்துட்டா ரெண்டு மாசச் சம்பளம், நல்ல அனுபவச் சான்றிதழ், எல்லாம் கையோட. இல்லைன்னா நிர்வாகம் கணக்குல அது இது குறைன்னு ஏதாவது தோண்டுவாங்க. அப்புறம் என்னால ஒன்னும் பண்ண முடியாது" என்றார். பிறகு, "மத்த நாலு பேருக்கும் இப்படிக் கடுதாசி எழுத வராது. நீங்களே எழுதிக் கையெழுத்து வாங்கிடுங்களேன். உங்களவிட யாரு நல்லா எழுதுவாங்க?" என்றும் சொன்னார்.

பாராட்டினால் போதும், மனுஷன் கிணற்றில்கூடக் குதிப்பார். வேலை போன அதிர்ச்சியிலும் அந்தக் கடைசி வாக்கியம் அவருக்கு இனித்தது. அலுவலக மேசையில் உட்கார்ந்து, ஐந்து விலகல் கடிதங்களையும் ஒரே பேனாவால், ஒரே வாசகத்தில், கோடு போட்டதுபோல எழுதி முடித்தார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். அது தன் தலையில் மட்டும்தான் போட்டுக்கொள்ளும். இவர் இன்னும் நாலு பேர் தலையிலும் சேர்த்துப் போட்டார்.

ஆயாம்மா மட்டும்தான் அன்று கேட்டார். பள்ளிக்கு வந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட இல்லை. அன்றே ஆயாம்மா ஆகிவிட்டவர். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். ஒரே மகன் அதே பள்ளியில் எட்டாம் வகுப்பு.

"இதுல என்ன சார் எழுதியிருக்கு?"

"சொந்தக் காரணத்தால விலகுறேன்னு."

"எனக்கு என்ன சார் சொந்தக் காரணம்?"

"அது சும்மா ஒரு வழக்கம் ஆயாம்மா. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க. போடுங்க."

சார் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஆயாம்மா போட்டார்.

இரண்டு மாதச் சம்பளம் வந்தது, வந்த வேகத்தில் கரைந்தது. பானையில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? மனைவி மருந்துக்கடையில் பில் போடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்தச் சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாகப் போயிற்று. இவர் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. எல்லோரும் வயதைக் கேட்டார்கள், கணினி தெரியுமா என்று கேட்டார்கள், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

அவர் எதிர்பார்க்காத இடத்திலிருந்து அடுத்த அடி விழுந்தது. மகள் அதே பள்ளியில் கடைசி வகுப்பு. ஊழியர் பிள்ளை என்பதால் பாதிக் கட்டணம்தான் கட்டிவந்தாள். வேலை போனதும் செயலி தானாகவே அவளை முழுக் கட்டணத்துக்கு மாற்றி, மனைவியின் கைப்பேசியில் சிவப்பு எழுத்தில் பாக்கியைக் காட்டியது. பாக்கி தீராதவர்களுக்குப் பொதுத்தேர்வு நுழைவுச்சீட்டு கிடையாது என்று கீழே ஒரு வரி. அந்த வரியின் வாசகம்கூட அவர் எழுதியதுதான். போன வருடம் சுற்றறிக்கையாகப் போனதை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள்.

"வகுப்புல பேர் படிச்சாங்கப்பா" என்றாள் மகள். "நாலு பேரு எந்திரிச்சு நின்னோம். என்னைப் பாத்து மிஸ்ஸுக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. உக்காருன்னு சொல்லிட்டாங்க."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

இதற்கிடையில் ஆயாம்மா சும்மா இருக்கவில்லை. யாரோ சொன்னார்கள் என்று தொழிலாளர் நல அலுவலகத்துக்குப் போய், கையில் இருந்த விலகல் கடித நகலைக் காட்டியிருக்கிறார். அந்த அதிகாரி மற்ற நாலு பேரின் நகல்களையும் கொண்டுவரச் சொல்லி, ஐந்தையும் வரிசையாக மேசையில் பரப்பியிருக்கிறார். "அஞ்சு பேருக்கும் ஒரே நாள்ல, ஒரே கையெழுத்துல, ஒரே சொந்தக் காரணமா? இது விலகல் இல்லம்மா, விரட்டல்" என்று சொல்லிவிட்டாராம். ஆயாம்மா மூச்சிரைக்க வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவருடைய முகத்தில் இருந்த வெளிச்சத்தை ரசீது சார் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நீங்க எழுதினதுதான் சார் நம்மளக் காப்பாத்தப்போவுது. எல்லாத்தையும் எழுதினவரே வந்து, எங்கள எழுதச் சொன்னாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுமாம். வேலையத் திருப்பிக் குடுக்கணும், இல்லைன்னா நஷ்டஈடு குடுக்கணுமாம்."

ஐந்து பேரும் புகாரில் கையெழுத்துப் போட்டார்கள். ரசீது சாரும் போட்டார். அன்று ஒரு நாள் அவர் நிம்மதியாகச் சாப்பிட்டார் என்று மனைவி சொல்வாள்.

ஆனால் விசாரணை அதன் போக்கில்தான் நடக்கும். நுழைவுச்சீட்டுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அதனால்தான் இந்தக் கடிதம். அவர் தன் விதிகளின்படியே எழுதினார். ஒரு பக்கம். பெறுநர், பொருள், பார்வை எல்லாம் முறைப்படி. 'பள்ளி நிர்வாகம் என்னைப் பணியிலிருந்து விலகும்படி கூறியதால் வருமானம் இன்றி இருக்கிறேன்' என்று ஒரு வரி. முதலாளியின் கடிதம் இணைக்க வேண்டுமே, இங்கே முதலாளியே பெறுநர்தான். அந்த இடத்துக்கு வந்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னங்க, தனியாச் சிரிக்கிறீங்க?" என்று மனைவி பயந்துபோய்க் கேட்டாள்.

மகள் கடிதத்தை வகுப்பாசிரியரிடம் கொடுத்தாள். 'நன்றாகப் படிக்கும் மாணவி, பரிந்துரைக்கிறேன்' என்று ஓரத்தில் எழுதி அவர் மேலே அனுப்பினார். மறுநாளே முதல்வரிடமிருந்து அழைப்பு வந்தது. சலுகைக் கடிதத்துக்கு மறுநாளே அழைப்பு வந்த சரித்திரம் அந்தப் பள்ளியில் இல்லை. ரசீது சார் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அவர் உட்கார்ந்திருந்த சன்னலுக்குப் பலகை அடித்திருந்தார்கள். அதைப் பார்க்காமல் மாடியேறினார்.

முதல்வர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் கதை சுலபம். பரீட்சை நேரத்தில் மயங்கி விழுந்த பிள்ளையைத் தன் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடியவர்தான். ஆனால் அவருக்கு மேலே நிர்வாகம் இருந்தது. அவருடைய நாற்காலியும் அதே நிர்வாகம் கொடுத்ததுதான்.

"உக்காருங்க சார். பொண்ணு எப்படிப் படிக்கிறா?"

"படிக்கிறா மேடம்."

"அவளுக்குச் சலுகை குடுக்கணும்னுதான் எனக்கும் ஆசை. முழுசாவே குடுத்துடலாம், கற்பிப்புக் கட்டணம் மொத்தமும்." கடிதத்தை அவர் பக்கமாகத் திருப்பி, 'விலகும்படி கூறியதால்' என்ற வரியின் மேல் விரலை வைத்தார். "ஆனா இந்த வரியோட நான் இதக் குழுவுக்குக் கொண்டுபோக முடியாது. தொழிலாளர் ஆபீஸ்ல நம்ம மேலயே புகார் குடுத்துட்டு, இங்க வந்து சலுகை கேக்குறாரான்னு கேப்பாங்க."

"உண்மையத்தான மேடம் எழுதியிருக்கேன்."

"நான் பொய்னு சொல்லலயே." முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் மத்த நாலு பேரும் விருப்பப்பட்டுத்தான் விலகினோம், கடிதங்கள நான்தான் அவங்க கேட்டுக்கிட்டபடி எழுதினேன்னு ஒரு வரி. அவ்வளவுதான். குழுவுக்கு ஒரு நல்லெண்ணம் வரும். நீங்க புகார வாபஸ் வாங்கணும்னுகூட நான் சொல்லல."

"இது வெளிய போகுமா மேடம்?"

"சலுகைக் கடிதம் எந்தக் கோப்புல இருக்கும்னு எனக்கு நீங்கதான சார் சொல்லிக் குடுத்தீங்க?"

அவர் சுவரோரம் பார்த்தார். அலமாரியின் மேல் பச்சைக் கோப்பு இருந்தது. முதுகில் அவர் கையால் எழுதி ஒட்டிய சீட்டு இன்னும் கிழியாமல் இருந்தது.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் மருந்துக்கடை உடுப்பைக்கூட மாற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது கோப்புலயேதான் இருக்குமா?"

"இத்தனை வருஷத்துல ஒரு கடுதாசி வெளிய போனதில்ல."

"இத்தனை வருஷமும் பூட்டுச்சாவி உங்க கையில இருந்துச்சுங்க."

மருந்துக்கடையில் பில் போடுகிறவளுக்குத் தெரிந்தது, கோப்பைக் கட்டிக் காத்தவருக்குத் தெரியவில்லை என்று நாம் சொல்ல முடியாது. அவருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்ததைத் தெரியாததாக வைத்துக்கொள்ள அவருக்கு ஒரு மறைப்பு தேவைப்பட்டது. பச்சை அட்டை அதற்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

"அப்ப எழுத வேணாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று அவள் சொல்லிவிட மாட்டாளா என்று ஒரு பக்கம், சொல்லிவிடுவாளோ என்று ஒரு பக்கம்.

அவள் உள்ளே பார்த்தாள். மகள் தரையில் குப்புறப் படுத்து, காதைப் பொத்திக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். "என்னைக் கேக்காதீங்க. நான் தாய். எனக்கு இப்ப நியாயம் கண்ணுக்குத் தெரியாது" என்றாள்.

அவர் எழுதினார். இந்த முறை பேனா எங்கும் நிற்கவில்லை. அதை நினைத்துத்தான் பிறகு அவருக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

கடிதம் வகுப்பாசிரியர் வழியாகத்தானே போக வேண்டும். காலையில் மகள் அதைப் பைக்குள் வைப்பதற்கு முன் பிரித்துப் படித்துவிட்டாள்.

"அப்பா, ஆயாம்மா விருப்பப்பட்டா போனாங்க?"

"நீ நேரமாச்சுன்னு கிளம்பு."

"நான் சின்ன வகுப்புல வாந்தி எடுத்தப்ப அவங்கதான்ப்பா கழுவி விட்டாங்க. உங்களக் கூப்பிடலாம்னு மிஸ் சொன்னதுக்கு, சார் வேலையா இருக்காரு, நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டாங்களாம். நீங்கதான் அப்புறம் சொன்னீங்க."

"தெரியும்மா."

"நான் வேணா இந்த வருஷம் எழுதல. அடுத்த வருஷம் எழுதுறேன்."

"அடுத்த வருஷம் மட்டும் பணம் மரத்துல காய்க்குமா?" கோபத்தில் அவர் குரல் உயர்ந்துவிட்டது. அந்தக் கோபம் யார் மேல் என்று அவருக்கே விளங்கவில்லை. மகள் கடிதத்தை மடித்து, புத்தகத்துக்குள் வைக்காமல், பையின் வெளிப்பக்கத்தில் செருகிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவள் அவரிடம் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொன்னாள்.

சலுகை வந்தது. கைப்பேசியில் சிவப்பு போய்ப் பச்சை வந்தது. தேர்வுக் கட்டணத்தை மட்டும் மனைவி முன்பணம் வாங்கிக் கட்டினாள். நுழைவுச்சீட்டு வந்துவிட்டதாகவும், தேர்வுக்கு முந்தின வாரம் பள்ளியிலேயே வழங்கப்படும் என்றும் தகவல் வந்தது. விசாரணைக்கான தாக்கீதும் அதே நாட்களில் வந்து சேர்ந்தது. விசாரணை, நுழைவுச்சீட்டு தருவதற்கு முந்தின வாரம்.

தொழிலாளர் நல அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. அதிகாரியின் மேசைக்கு இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் முதல்வரும் நிர்வாகத்தின் வக்கீலும். நாற்காலி போதவில்லை. ஆயாம்மா ரசீது சாரைத் தன் நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு நின்றுகொண்டார். "சார்தான் பேசணும், சார் உக்காரட்டும்" என்றார். நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

அதிகாரி ஐந்து விலகல் கடிதங்களையும் பரப்பிவைத்து ஆரம்பித்தார். வக்கீல் அவரைப் பேசவிட்டு, பொறுமையாகப் பையைத் திறந்தார். உள்ளேயிருந்து வெளியே வந்தது பச்சை அட்டைக் கோப்பு.

முதுகில் ரசீது சார் ஒட்டிய சீட்டு அப்படியே இருந்தது. வக்கீல் கோப்பைப் பிரித்து, கடிதத்தை எடுத்து, அதிகாரியின் பக்கம் தள்ளினார்.

"ஐயா, அஞ்சு கடிதத்தையும் எழுதினவரே, வேலையெல்லாம் விட்டப்புறம், தன் வீட்டுல உக்காந்து, எந்தக் கட்டாயமும் இல்லாம எழுதினது."

அதிகாரி படித்தார். மறுபடி படித்தார். ரசீது சாரைப் பார்த்தார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமா ஐயா."

"இத எழுதச் சொல்லி யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினாங்களா? பயப்படாமச் சொல்லுங்க."

அதிகாரி நல்ல மனிதர். அவர் தப்பி வர ஒரு கதவைத் திறந்துவைத்தார். ரசீது சார் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எதிரே முதல்வர் அவரைப் பார்க்கவில்லை. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் கையை வைத்திருந்தார். நுழைவுச்சீட்டு அவருடைய அறையில்தான் இருக்கும். மூன்றாவது இழுப்பறை, வகுப்பு வாரியாக. அந்த வரிசையைப் போட்டு வைத்ததும் ரசீது சார்தான்.

பின்னால் நின்ற ஆயாம்மா மெதுவாக, "சொல்லுங்க சார்" என்றார். இன்னமும் நம்பிக்கையோடுதான் சொன்னார்.

"இல்லைங்க ஐயா" என்றார் ரசீது சார். "யாரும் கட்டாயப்படுத்தல."

ஓட்டுநர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். ஆய்வக உதவியாளர் அவர் தோளைப் பிடித்து அழுத்தினார். அதிகாரி பேனாவை மூடினார். இதற்கு மேல் தன்னால் செய்வதற்கு ஒன்றும் இல்லை, வேண்டுமானால் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றார். போகலாம்தான். போவதற்குப் பேருந்துக் கட்டணம்கூட இல்லாதவர்களிடம் அதைச் சொல்வதும் ஒன்றுதான், சொல்லாததும் ஒன்றுதான்.

மற்ற மூன்று பேரும் அவரைத் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினார்கள். முதல்வர் போகும்போது, "பொண்ண நல்லா எழுதச் சொல்லுங்க சார்" என்றார். அதை உண்மையாகவே சொன்னார் என்பதுதான் சகிக்க முடியாமல் இருந்தது.

கீழே நகல் எடுக்கும் கடை ஒன்று இருந்தது. அதன் வாசல் பெஞ்சில் ரசீது சார் உட்கார்ந்தார். திட்டட்டும் என்று காத்திருந்தார். செருப்பைக் கழற்றி அடித்தாலும் வாங்கிக்கொள்வதாக இருந்தார். ஆயாம்மா நேராகக் கடைக்குள் போனார். ஒரு வெள்ளைத்தாள் வாங்கினார். கடைக்காரரிடம் வைத்து எழுத அட்டை ஒன்றும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, பெஞ்சில் அவர் பக்கத்தில் வைத்தார்.

"என் பையனுக்கும் பீஸ் பாக்கி இருக்கு சார். அவன் பேரையும் வகுப்புல படிச்சிட்டாங்க. எனக்கும் ஒன்னு எழுதிக் குடுங்க."

"ஆயாம்மா…"

"அந்த வரியையும் சேத்து எழுதுங்க. அதுக்குத்தான அவங்க குடுக்கறாங்க?"

குரலில் குத்தல் இருக்கிறதா என்று அவர் நிமிர்ந்து பார்த்தார். இல்லை. வெறும் களைப்புதான் இருந்தது. பள்ளியில் சாயங்காலம் கடைசி வகுப்பறையைக் கூட்டி முடித்துவிட்டு வருவாரே, அந்த முகம்.

ரசீது சாருக்கு ஒன்று தெரியும். சலுகைக் கடிதங்களைப் பற்றி அவரைவிடத் தெரிந்தவர் யார்? அந்த வரிக்கு விலை இருந்தது இன்று காலை வரைதான். அது அவர்களுக்குத் தேவைப்பட்டது, கிடைத்துவிட்டது. இனி ஆயாம்மா அதை நூறு முறை எழுதிக் கொடுத்தாலும் கடிதம் கோப்புக்குள் போகும், சலுகை வெளியே வராது. இதைச் சொல்லிவிட வாயெடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்து, அட்டையின் ஓரத்தை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்த ஆயாம்மாவைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

எழுதினார். பெறுநர், பொருள், பார்வை எல்லாம் முறைப்படி. இவ்வளவு கட்டுகிறேன், மிச்சத்தில் தயவு காட்டுங்கள். அந்த வரி வந்தபோது கை நின்றது.

"என்ன சார் நிறுத்திட்டீங்க? உங்களுக்கு மனப்பாடமா இருக்குமே."

அதையும் எழுதினார். இப்படிக்கு என்று போட்டு, வழக்கமாக எழுதும் இரண்டு வார்த்தைகளையும் எழுதி, தாளை நீட்டினார்.

ஆயாம்மாவுக்குத் தன் பெயரை எழுத மட்டும்தான் வரும். எங்கே எழுத வேண்டும் என்று தெரிந்துகொள்ள, கடைசி வரியில் விரலை வைத்துக் கேட்டார்.

"இதுல என்ன சார் எழுதியிருக்கு?"

"தங்கள் உண்மையுள்ள."

ஆயாம்மா அந்த இரண்டு வார்த்தைக்குக் கீழே விரலை நகர்த்தினார்.

"இதுக்குக் கீழயா போடணும்?"

"ஆமா ஆயாம்மா. அது சும்மா ஒரு வழக்கம்தான்."

ஆயாம்மா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார்.